சுண்ணாம்புப் பூச்சு கறுக்காமல் மினுங்குவதற்கு

கேள்வி: வவுனியாவில் 10 அடிக்கு 10 அடி செங்கல் சுவர். கடுக்காய்த் தண்ணி, பனங்கட்டி, முட்டை எல்லாம் கலந்து சுண்ணாம்பு பூசினோம். மினுக்கம் வரவில்லை, சாந்தகப்பையால் தேய்க்கத் தேய்க்கக் கறுக்குது. சேர்மானம் குறைவா?

பதில்:

குறைவில்லை, அநேகமாகக் கூடிவிட்டது. மினுக்கத்தைத் தருவது பனங்கட்டியோ முட்டையோ இல்லை. சுண்ணாம்பின் நுண்துகள்கள் தட்டையான செதில்கள். ஈரம் சரியாக இருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் அவை படுத்து, இடைத் துளைகள் அடைபடும். பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து அப்படியே இறுகும். சேர்மானங்கள் ஈரத்தைப் பிடித்து வைத்து உங்களுக்கு நேரம் வாங்கித் தருகின்றன, பூச்சைக் கொஞ்சம் இறுக்கமாகவும் ஆக்குகின்றன. அவ்வளவுதான்.

முதலில் கறுப்பு. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். இரும்பு வாளியில் ஊறவைத்தாலே போதும். ஆகவே கடுக்காயை அடிப்பூச்சோடு நிறுத்துங்கள், அதையும் பிளாஸ்ரிக் வாளியில் ஊறவையுங்கள். கறை திட்டுத்திட்டாக, நீலம் கலந்து பரவியிருந்தால் காரணம் இதுதான். சாந்தகப்பை போன வழியே சாம்பல் கோடுகள் விழுந்திருந்தால் அது வேறு: பூச்சு காய்ந்த பிறகு தேய்த்ததால் இரும்பு உரைந்து ஒட்டியிருக்கிறது. கோடுகளுக்கு மேற்படலத்தை மட்டும் சுரண்டிப் பூசலாம். திட்டுக் கறை ஆழமாக இருக்கும், முடிவுப் பூச்சு முழுவதையும் எடுப்பதே நல்லது.

சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் குறைந்தது ஒரு மாதம் வைத்திருக்க வேண்டும். மாத்தளை, கண்டிப் பக்கத்து டொலமைற் கல்லில் சுட்டதென்றால் சில மாதங்கள் வையுங்கள். அதிலுள்ள மக்னீசியா மெதுவாகத்தான் நீறும். நீறாத துணுக்குகள் பூசிய பிறகு வீங்கிச் சுவரில் சிறு குழிகளாக வெடிக்கும்.

அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு 1 பங்கு, அரித்த மணல் 3 பங்கு. அது இறுகிய பின் சுவரை நனைத்து, ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் முடிவுப் பூச்சு. உங்கள் 100 சதுர அடிக்கு 11 லீட்டர் சுண்ணாம்புக் களி, 6 லீட்டர் டொலமைற் தூள் போதும். தென்னைக்குப் போடும் அதே டொலமைற் பசளைதான், சுடாத கல் என்பதால் வெடிக்காது. சீலையில் அரித்து எடுங்கள். 100 கிராம் பனங்கட்டியைக் கரைத்து வடித்துச் சேருங்கள். கூடினால் இறுகத் தாமதமாகும், மஞ்சள் நிறம் ஏறும், மாரியில் ஈரம் இழுத்துப் பூஞ்சணமும் பிடிக்கும்.

அது இறுகத் தொடங்கி, ஈரம் முற்றாக விடுமுன் கடைசிப் படலம்: சீலையில் வடித்த வெறும் சுண்ணாம்புக் களி 5 லீட்டர், 5 முட்டை வெள்ளைக்கரு. வெள்ளைக்கருவை அடிக்காதீர்கள், நுரை வந்தால் பூச்சில் ஊசித்துளை விழும். மெதுவாகக் கலந்து சீலையில் வடியுங்கள், அன்றைக்கே முடியுங்கள். அரை மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. மணலோ தூளோ இல்லாத களி தடித்தால் சிலந்தி வலையாக வெடிக்கும்.

இனித்தான் வேலை. பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழக்கூடாது, விரலில் வெள்ளை ஒட்டக்கூடாது, ஆனால் தொட்டால் குளிர்ச்சி இருக்க வேண்டும். அப்போது சுத்தமான, விளிம்பு மழுங்கிய சாந்தகப்பையைச் சற்றுச் சரித்துப் பிடித்து அழுத்தி இழுங்கள். மங்கலான மினுக்கம் வந்ததும் இரும்பை வைத்துவிட்டு, வழுவழுப்பான கூழாங்கல்லால் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். ஆற்றுக்கல் கிடைக்காவிட்டால் போத்தலின் பக்கமும் உதவும். கல் ஒட்டி இழுத்து அலை விழுந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், அரை மணி பொறுங்கள். தூள் பறந்தால் பிந்திவிட்டீர்கள். சுண்ணாம்புத் தெளிநீரைப் புகை போலத் தெளித்து ஒருமுறை முயலலாம், ஆனால் முழு மினுக்கம் திரும்பாது.

சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை வன்னியில் இந்த இடைவெளி மிகக் குறுகியது. கதவு யன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டினால் நேரம் நீளும். மழை விட்ட பின், தை கடைசி முதல் பங்குனிக்குள் செய்வதே என் தெரிவு. ஒருவர் முழுச் சுவரையும் ஒரே நாளில் தேய்த்து முடிப்பது கடினம். ஒருவர் பூச மற்றவர் தேய்க்கட்டும், இல்லாவிட்டால் சுவரின் நடுவில் பொருத்துக் கோடு தெரியும்.

தேய்த்து முடித்த மறுநாள், நிறமோ வாசனையோ இல்லாத தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் 60 கிராமை 1 லீட்டர் சுடுநீரில் கரைத்து, ஆறிய பின் சீலையால் மெல்லப் பூசி மீண்டும் கல்லால் தேயுங்கள். சவர்க்காரம் சுண்ணாம்போடு சேர்ந்து நீரில் கரையாத படலமாகும். சில நாளில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக உருண்டால் சரி. கை கழுவும் இடத்துச் சுவருக்கு இது தாங்கும், தண்ணீர் தேங்கும் தொட்டிக்கு நம்ப வேண்டாம். சீமெந்துப் பூச்சு அல்லது பெயின்ற் இருக்கும் சுவரில் இதைப் பூசாதீர்கள். அடி உறிஞ்சாததால் படலம் உரிந்து வரும்.