850 வாட் பவர் சப்ளை போட்டால் கரண்ட் பில் ஏறுமா?

"ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060. கடைக்காரர் 850 வாட் போடச் சொல்கிறார். பில் எகிறுமா?"

ஏறாது, ஆனால் உங்களுக்கு 550 வாட்டே போதும். பெட்டியில் போட்டிருப்பது அது அதிகபட்சம் தரக்கூடிய அளவு. கணினி கேட்பதை மட்டும்தான் சுவரிலிருந்து இழுக்கும்.

கார்டு 170, பிராசசர் 76, போர்டு, ராம், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50, ஆக முழு லோடில் 300 வாட் பக்கம். கார்டு நொடிக்கும் குறைவான நேரம் திடீரென்று அதிகமாக இழுக்கும், அதற்குத்தான் மீதி இடம். அதைப் பார்த்துதான் கடையில் கூட்டிச் சொல்லியிருப்பார்கள்.

பவர் சப்ளையிலேயே கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும், அதனால் சுவரில் 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 2 மணி நேரம் கேம் என்றால் 0.7 யூனிட், 4 மணி நேரம் பிரவுசிங் 70 வாட்டில் 0.28. நாளைக்குச் சுமார் 1 யூனிட், வருடத்துக்கு 365. யூனிட் 8 ரூபாய் என்றால் 2,920 ரூபாய்.

பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி, கேம் ஓடும்போது பாருங்கள்.

ஒன்று கவனிக்கணும்: மானிட்டர் இதில் இல்லை. தமிழ்நாட்டு பில்லில் கூடுதல் யூனிட் உங்கள் மேல் ஸ்லாப்பில்தான் விழும், அதனால் சராசரி விலையைப் போடாமல் அந்த ஸ்லாப் விலையையே போட்டுக் கணக்கிடுங்கள்.