சுருக்கும்போது விழுந்த வரியைத் திரும்ப எடுப்பது எப்படி? கேள்வி-பதில்

1,800 சொல்லில் எழுதிய கட்டுரையை முதலில் 1,200, பிறகு 700, கடைசியில் 350 என்று மூன்று சுற்றில் குறைத்தேன். இப்போது ஆசிரியர் "அந்த கெடு விஷயம் ஒன்று இருந்ததே, அது வேண்டும்" என்கிறார். எந்தச் சுற்றில் போனது என்றே தெரியவில்லை.

சுருக்க உட்காரும் முன்பே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். முதல் பிரதியின் பத்திகளுக்கு ப1, ப2 என்று எண் போட்டு, அந்த எண்ணை எந்தச் சுற்றிலும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தனியாக ஒரு வெட்டுப் பட்டியல் திறந்து, எடுக்கும் ஒவ்வொன்றையும் சுற்று எண், பத்தி எண், எடுத்த வாசகம் முழுசாக, ஏன் எடுத்தேன், எதிலிருந்து கிடைத்த தகவல் என்று எழுதி வையுங்கள். "இந்த வரிக்குப் பின்னால் இருந்தது" என்று இடம் குறித்தால் போதாது, அந்த வரியே அடுத்த சுற்றில் போய்விடலாம், அதனால்தான் முதல் பிரதியின் பத்தி எண்.

பாம்பன் பாலத்தைப் பற்றிய ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். முதல் பிரதி இப்படி: "1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது, கப்பலுக்குத் திறக்கும் தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார்." முதல் சுற்றில் மூன்று மாதக் கெடு போகிறது. இரண்டாம் சுற்றில் ஆறு மாதமும் ஸ்ரீதரன் பெயரும். மூன்றாவதில் மிஞ்சுவது "1964 புயலில் அடித்துச் செல்லப்பட்ட பாலம் 46 நாளில் சீரானது" மட்டும். ஆசிரியர் கேட்கிற கெடு இரண்டு வெவ்வேறு சுற்றில் போயிருக்கிறது பாருங்கள். பட்டியல் இல்லாமல் தேடினால் ஆறு மாதம் கிடைத்ததும் நிறுத்திவிடுவீர்கள்.

கூகுள் டாக்ஸில் Version history இருக்கிறதே, பட்டியல் எதற்கு?

அதுவும் வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் Name current version போட்டு "சுற்று 1, 1200" என்று பெயர் வையுங்கள், வேர்டில் என்றால் சுற்றுக்கு ஒரு கோப்பு வைத்து Compare செய்யுங்கள், அதுவும் அடுத்தடுத்த சுற்றுகளை மட்டும். முதலையும் கடைசியையும் ஒப்பிட்டால் எல்லாம் ஒரே சிவப்புக் குவியலாக வரும்.

ஆனால் ஒப்பீடு சொற்களைத்தான் காட்டும், விஷயத்தைக் காட்டாது. மேலே உள்ள கடைசி வாக்கியத்தையே திரும்பப் படியுங்கள். "பெரும்பகுதி" என்ற ஒரு சொல்லும் தூக்குப் பகுதி தப்பிய செய்தியும் போனதில், பாலம் மொத்தமாகப் போய்விட்டது என்று வாக்கியம் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது. திரையில் இது நூறு சின்னத் திருத்தங்களில் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் பட்டியலில் "நீக்கம்" என்று ஒரு வகை, "இறுக்கம்" என்று இன்னொரு வகை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாக்கியம் ஒன்றானால், "சுமார்", "பெரும்பாலும்", "என்கிறார்" மாதிரி ஒன்று உதிர்ந்தால், அது இறுக்கம். என்னைக் கேட்டால் நீக்கத்தைவிட இதைத்தான் கண்ணும் கருத்துமாகக் குறிக்க வேண்டும், ஏனென்றால் பிழை நுழைவது இந்த வழியாகத்தான்.

பட்டியலிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டிவிடலாமா?

கூடாது. ஸ்ரீதரன் பெயரை நீக்கிய சுற்றில், பின்னால் வரும் டெல்லி மெட்ரோ பத்தியில் அவருக்கு முழு அறிமுகம் கொடுத்திருப்பீர்கள். இப்போது பழைய வரியைத் திருப்பி வைத்தால் ஒரே ஆள் இரண்டு தடவை அறிமுகமாவார். "மேலதிகாரி அதை" என்பதில் உள்ள "அதை" ஆறு மாதக் கெடுவைக் குறிக்கிறது, ஆறு மாதம் இல்லாமல் இது தனியாக நிற்காது. பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் சுற்று எண், அந்தச் சுற்றில் அதன் வரிசை எண் என்று சேர்த்து 1-3, 2-1 மாதிரி எண் கொடுத்து, இப்படி ஒன்றைப் பிடித்து ஒன்று நிற்பவற்றை "1-3 வேண்டுமானால் 2-1உம் வேண்டும்" என்று எழுதிவிட்டால், திருப்பி வைக்கும்போது எத்தனை சொல் கூடும் என்பதும் உடனே தெரியும்.

கோப்பின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளை நான் பயன்படுத்துகிறேன், சுற்றுக்கு ஒரு கமிட், அதாவது ஒரு சேமிப்பு. `git log -S"ஸ்ரீதரன்"` போட்டால் பெயர் போன கமிட் வரவில்லை.

இரண்டு காரணம் இருக்கலாம். கட்டுரையில் "ஸ்ரீதரனின்" என்று வேற்றுமை உருபோடு இருந்தால், கடைசி "ன்" புள்ளியோடு பொருந்தாது. இன்னொன்று, "ஸ்ரீ" என்ற எழுத்து ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் யூனிகோடில் எழுதப்படுகிறது, திரையில் பெரும்பாலும் ஒன்றாகவே தெரியும், தேடலுக்கு வேறு வேறு. இரண்டையும் விட்டு நடுவில் உள்ளதை மட்டும் தேடுங்கள்:

```
git log -S"தரன" --oneline -- katturai.txt
```

எந்தெந்தக் கமிட்டில் அந்த எழுத்துத்தொடரின் எண்ணிக்கை மாறியதோ அவை மட்டும் வரும். ஒரே கமிட்டில் பெயரை ஒரு பத்தியில் எடுத்து இன்னொரு பத்தியில் சேர்த்திருந்தால் எண்ணிக்கை மாறாது, அப்போது `-S`-க்குப் பதில் `-G` போடுங்கள்.