ஹெட்போன் செருகியும் ஸ்பீக்கர் அடங்கவில்லை: மதர்போர்டு மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் லேப்டாப்புக்கு மூன்று வயது. ஹெட்போன் செருகினாலும் சத்தம் ஸ்பீக்கரில்தான் வருகிறது, ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. ஹெட்போன்தான் பழுது என்று நினைத்து புதிதாக ஒன்று வாங்கினேன், அதிலும் இதே கதை. டிரைவரை இரண்டு முறை அழித்துத் திரும்பப் போட்டாயிற்று. சர்வீஸில் "மதர்போர்டு மாற்றணும்" என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பார்க்கக்கூடிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் உங்களுக்குச் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை.

முதலில் ஹெட்போன் செருகும் ஓட்டைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பழைய ரேடியோக்களில் ஹெட்போன் பின்னைச் செருகினால் அதுவே ஒரு தகட்டைத் தள்ளி ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பைத் துண்டித்துவிடும். லேப்டாப்பில் அப்படி இல்லை. 3.5 மி.மீ. ஜாக்குக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு இருக்கிறது, பின் முழுசாக உள்ளே போகும்போது அது நகர்ந்து, "ஏதோ செருகியிருக்கிறார்கள்" என்று ஆடியோ சிப்புக்கு ஒரு சேதி மட்டும் போகும். சிப் அதை டிரைவருக்குச் சொல்லும், டிரைவர் ஸ்பீக்கரை அடக்கிவிட்டு ஹெட்போன் பக்கம் திருப்பும். ஆக தகடு, சிப், டிரைவர் என்று மூன்று கைமாறுகிறது. உங்கள் சேதி இதில் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதுதான் கேள்வி.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஹெட்போன், ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தால் பெரும்பாலும் அது டிரைவர் அல்லது செட்டிங் தகராறு. ஹெட்போனில் துளிகூட இல்லாமல் ஸ்பீக்கரில் மட்டும் வந்தால், செருகியது சிப்புக்கே தெரியவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டு ஹெட்போனிலும் ஒரே நிலைமை என்பதால் ஹெட்போன்கள்மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு, அவற்றை ஒரு போனில் செருகிப் பார்த்தால் அதுவும் உறுதியாகிவிடும்.

என் தங்கையின் லேப்டாப்பில் இதே பிரச்சினை வந்தது. அவளும் டிரைவரைத்தான் முதலில் பழி சொன்னாள். பின்னைச் செருகிப் பார்த்தபோது பிளாஸ்டிக் கழுத்துக்கும் லேப்டாப் உடம்புக்கும் நடுவே ஒரு மெல்லிய உலோகக் கோடு தெரிந்தது, ஒரு மில்லிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். அதே பின் போனில் கழுத்து வரை ஒட்டிப் போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஜாக்கின் அடியில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று. பைக்குள் போட்டு எடுக்கிறபோது துணிப்பஞ்சு ஓட்டைக்குள் போகும், ஒவ்வொரு தடவை செருகும்போதும் ஹெட்போன் பின் அதை இடித்து இடித்து அடியில் கெட்டியாக்கிவிடும். பின் கடைசி மில்லிமீட்டர் போகாவிட்டால் தகடு நகராது, தொடர்பு முனைகளும் சரியாகப் பொருந்தாது.

எடுக்கும் விதம்: லேப்டாப்பை அணைத்து சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். மரப் பல்குத்தியின் நுனியை ஓட்டையின் சுவரை ஒட்டி இறக்கி, பஞ்சைச் சுழற்றிச் சுழற்றி வெளியே இழுக்க வேண்டும், உள்ளே குத்தக் கூடாது. பல் இடுக்கில் விடுகிற சின்ன பிரஷ் இருந்தால், அதன் நடுக்கம்பியில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உலர்ந்ததாகவே பயன்படுத்தலாம். ஊசி, சேஃப்டி பின், பேப்பர் கிளிப் எதுவும் வேண்டாம். அந்தத் தகடு ரொம்ப மெல்லியது, வளைந்துவிட்டால் நிஜமாகவே ஜாக் மாற்ற வேண்டியிருக்கும். வாயால் ஊதாதீர்கள், ஈரம் போகும். பச்சை நிறக் கறை இருந்தால் மட்டும் பிரஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெஷினைப் போடுங்கள்.

சரி, பஞ்சே இல்லை, பின்னும் முழுசாகப் போகிறது என்றால்? அப்போது டிரைவரை மூன்றாவது தடவை அழிக்காதீர்கள், விண்டோஸையே ஒதுக்கி வைத்துப் பாருங்கள். ஒரு பென்டிரைவில் உபுண்டு என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, லேப்டாப்பை அதிலிருந்தே தொடங்கி, இன்ஸ்டால் செய்யாமல் "Try Ubuntu" வழியில் திறந்து, டெர்மினலில் இதைக் கொடுங்கள்:

```
amixer -c 0 contents | grep -A2 "Headphone Jack"
```

ஒன்றும் வராவிட்டால் 0 இருக்கும் இடத்தில் 1 போடுங்கள், சில லேப்டாப்பில் முதல் எண்ணை எச்டிஎம்ஐ எடுத்துக்கொள்ளும். வருகிற கடைசி வரியில் `values=off` அல்லது `values=on` இருக்கும். ஹெட்போனைக் கழற்றி ஒரு தடவை, செருகி ஒரு தடவை ஓட்டுங்கள். செருகியதும் `on` ஆனால் தகடும் சிப்பும் நன்றாக இருக்கின்றன, பிரச்சினை விண்டோஸ் பக்கம்தான், மதர்போர்டு பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். எப்படிச் செருகினாலும் `off` என்றே நின்றால் பெரும்பாலும் ஜாக்தான்.

விண்டோஸ் பக்கம் என்று தெரிந்தால், Device Manager-இல் Sound, video and game controllers என்பதைத் திறந்து பாருங்கள். அங்கே ரியல்டெக் மாதிரி சிப் கம்பெனியின் பெயர் இல்லாமல் வெறும் "High Definition Audio Device" என்று இருந்தால், அது விண்டோஸின் பொது டிரைவர். சத்தம் வரும், ஆனால் சில மாடல்களில் ஜாக் சேதியைச் சரியாகக் கையாளாது. நீங்கள் இரண்டு முறை அழித்துப் போட்டபோதும் இதுவேதான் திரும்பி வந்திருக்கலாம். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு உரிய ஆடியோ டிரைவரை எடுத்துப் போடுங்கள், அப்புறம் Shift-ஐ அழுத்திக்கொண்டே Shut down கொடுத்து முழுசாக அணைத்துத் திறங்கள்.

தங்கை லேப்டாப்பில் பஞ்சை எடுத்ததும் பின் கழுத்து வரை போனது, ஆனால் வரி `off`-இலேயே நின்றது. பின்னைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தினால் `on`, விட்டால் `off`. தகடு வளைந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

அந்த நிலையிலும் மதர்போர்டு மாற்றச் சம்மதிக்காதீர்கள். சர்வீஸில் நேராகக் கேளுங்கள்: "இந்த மாடலில் ஜாக் தனிச் சின்ன போர்டில் இருக்கிறதா, மெயின் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறதா?" தனி போர்டு என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். மெயின் போர்டில் இருந்தாலும் சால்டரிங் தெரிந்தவர் ஜாக்கை மட்டும் கழற்றி வேறு வைத்துவிடுவார். வாரண்டி மிச்சம் இருந்தால் மட்டும் வெளியே கொடுக்காமல் கம்பெனியிடமே போங்கள்.

ஜாக்கைத் தொடவே வேண்டாம் என்றால் யூஎஸ்பி ஆடியோ அடாப்டர் ஒன்று போதும், தங்கை அதைத்தான் வாங்கினாள். அது தனி ஆடியோ கருவியாகத் தெரிவதால் பழைய தகட்டின் தயவு தேவையில்லை. யூஎஸ்பி-சி வகை வாங்கினால், டிஜிட்டல் சத்தத்தை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் DAC சிப் உள்ளது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். சில போன்களுக்கென்று வரும், சிப் இல்லாத வெறும் கம்பி அடாப்டர்கள் பெரும்பாலான லேப்டாப்பில் வேலை செய்யாது, பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.