‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற பதிலோடு நிற்காதீர்கள்

கேள்வி: சென்னை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. சேரவேண்டிய தேதி கடந்து பத்து நாளாகிவிட்டது. எச்.ஆர். அதிகாரியைக் கேட்டால், “பின்னணிச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கிறது” என்பதோடு சரி. மதுரையில் நான் முன்பு வேலை பார்த்த சிறிய நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அதனால்தான் தாமதமோ? திரும்பத் திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள், சகோதரி. ஆனால் “எப்போது முடியும்?” என்று கேட்காதீர்கள். அதற்குப் பழைய பதிலே திரும்ப வரும். ஆஃபர் லெட்டர் வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: “கல்வி, முந்தைய வேலை, முகவரி ஆகியவற்றில் எந்தச் சரிபார்ப்பு முடியவில்லை? அது வேறு யாருடைய பதிலுக்காகவாவது காத்திருக்கிறதா, அல்லது நான் ஏதாவது ஆவணம் தர வேண்டுமா? தர வேண்டுமென்றால் எது?”

இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஆவணம் போதவில்லை என்று சரிபார்க்கும் ஏஜென்சி குறித்துவிட்டால், நீங்கள் அதைக் கொடுக்கும்வரை சரிபார்ப்பு அப்படியே நிற்கும். அதைக் கேட்டு ஏஜென்சி அனுப்பிய மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் கிடக்கலாம். முதலில் அங்கே தேடுங்கள்.

கே.கே. நகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் உங்கள் நிலைமைதான். மூடிய அலுவலகத்தின் தொலைபேசிக்கே ஏஜென்சி அழைத்துக்கொண்டிருந்தது. இப்படிக் கேட்டபிறகுதான் அது தெரிந்தது. ரிலீவிங் லெட்டர், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை, பி.எஃப். தளத்தில் Service History பக்கம் மூன்றையும் அனுப்பலாம் என்று முடிவு செய்தாள். ஆனால் பி.எஃப். பக்கத்தில் சேர்ந்த தேதி இருந்தது, விலகிய தேதி காலி. அதை நிரப்பாமலே முதலாளி போய்விட்டார்.

உங்களுக்கும் பி.எஃப். பிடித்திருந்தால், இதை இன்றே பாருங்கள். காலியாக இருந்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபிறகு, Mark Exit என்ற இடத்தில் நீங்களே தேதியைப் பதியலாம். ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பதியுங்கள். இரண்டும் முரண்பட்டால் அதுவே புதிய கேள்வியாகும். சம்பளத்தில் வரி பிடித்திருந்தால், வருமான வரித் தளத்தில் கிடைக்கும் Form 26AS படிவத்திலும் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். வரி பிடிக்காத சம்பளம் என்றால் அதில் தேடிப் பயனில்லை, வங்கி அறிக்கையே போதும்.

நிறுவனம் மூடப்பட்ட விஷயத்தை நீங்களே முன்வந்து எழுதிவிடுங்கள். முன்னாள் மேலாளர் யாராவது பேசச் சம்மதித்தால் அவருடைய எண்ணையும் கொடுங்கள். யாரிடமாவது புதிதாக லெட்டர்ஹெட் அடித்துக் கடிதம் வாங்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். தாமதத்தைப் பொறுப்பார்கள், போலிக் கடிதத்தைப் பொறுக்கமாட்டார்கள்.

இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழையுங்கள். புதிய சேரும் தேதியை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை சென்னையில் அறைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.