ஐம்பது பெயரிலிருந்து ஒன்றுக்கு வருவது: கேள்வி பதில்

ஈரோட்டுக்காரர்: மரச்செக்கு எண்ணெய் விற்கப் போகிறோம். மூன்று பேர் சேர்ந்து ஐம்பது பெயர் எழுதிவிட்டோம். எதைப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. எப்படிக் குறைப்பது?

பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சொல்லிப் பாருங்கள். "வணக்கம், ____ எண்ணெயிலிருந்து பேசுறோம்." ஐம்பதையும் இந்த ஒரே வாக்கியத்தில் வைத்து, நின்றுகொண்டு, வேகமாகச் சொல்லுங்கள். நாக்கு தடுக்குவதை அடித்துவிடுங்கள். உங்கள் தொழிலில் இன்னொரு பொறியும் உண்டு. 'வாகை' தனியாக அழகு. 'வாகை எண்ணெய்' என்றால் வாகை மரத்து எண்ணெயா என்று கேட்பார்கள். செடி, மரப் பெயர்களெல்லாம் இங்கேயே கழன்றுவிடும். ஐம்பது இருபதாகும்.

அடுத்தது தட்டச்சு. பத்துப் பேருக்குப் போன் போட்டுப் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள், எழுத்துக்கூட்ட வேண்டாம். "கேட்டதை அப்படியே இங்கிலீஷில் அடிச்சு வாட்ஸாப்பில் அனுப்பு." அவ்வளவுதான். என்னிடம் வந்த ஓர் எண்ணெய்க்காரர் 'ஆழி'யில் உயிரையே வைத்திருந்தார். திரும்பி வந்தவை Aazhi, Azhi, Aali, Aaly. ஒருவர் கூடவே "ஆளி விதை எண்ணெயா? கொலஸ்ட்ராலுக்கு நல்லதாமே" என்று கேட்டிருந்தார். கடலை எண்ணெய் விற்பவருக்கு இது தேவையா? பத்தில் ஏழு பேராவது ஒரே மாதிரி அடித்தால் பெயர் தேறியது என்று வைத்துக்கொள்வேன். இந்த ஏழு என் அளவுகோல்தான், சட்டமல்ல.

கோவை மசாலா: இந்தத் தொல்லையே வேண்டாமென்று Pure, Fresh என்று வைத்துவிட்டால்? எல்லோரும் சரியாக அடிப்பார்களே.

அடிப்பார்கள், அது உண்மை. ஆனால் சரக்கின் தன்மையை மட்டுமே சொல்லும் சொல்லுக்கு வணிகச்சின்னம் வாங்குவது கடினம். 1999 சட்டத்தின் 9ஆம் பிரிவு அதைத்தான் தடுக்கிறது. பக்கத்துக் கடைக்காரரும் அதே சொல்லைப் போடுவார், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புது அப்பா: 'ய' வரிசையில் ஆண் குழந்தைக்கு நல்ல பெயர் ஐந்து சொல்லுங்கள்.

கடைப் பெயர் பற்றிய இழை இது. வாழ்த்துகள்.

மதுரை: நண்பர்கள் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தோம். 'நன்செய்' 14 ஓட்டு. முடித்துவிடலாமா?

வேண்டாம். 'எது பிடிச்சிருக்கு' என்பது நண்பர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி. உங்களுக்கு எது ஆசை என்று அவர்களுக்குத் தெரியும், அதற்கே போடுவார்கள். ஒருவருக்கு ஐந்து பெயர் மட்டும் வாயால் சொல்லுங்கள். முதலிலும் கடைசியிலும் சொன்னதுதான் மனதில் ஒட்டும், அதனால் ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றுங்கள். மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டு "நேத்து சொன்னதில் எது ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். என்ன தொழில் என்றே தெரியாத சிலரிடம் "இந்தப் பெயரில் கடை இருந்தா என்ன விப்பாங்க?" என்பதையும் கேளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேராவது இருக்கட்டும். என் அம்மா 'ஸ்'ஸில் தொடங்கும் எதையும் 'இஸ்' என்றுதான் சொல்வார்.

தமிழாசிரியர்: ஆங்கிலத்தில் அடிக்க வரவில்லை என்று 'ழ'வைக் கைவிடச் சொல்கிறீர்களா? Zh என்று எழுதிப் பழக்க வேண்டியதுதானே!

கைவிடச் சொல்லவில்லை, விலையைச் சொல்கிறேன். 'தமிழ்' என்பதையே Tamil என்றுதான் உலகம் எழுதுகிறது.

யாழ்ப்பாணம்: எங்கட பக்கம் யாழ் எண்டால் Yarl. Zh போட்டால் 'யாஸ்' எண்டு வாசிப்பினம். ஈழம் Eelam, அதிலே l. எது சரி?

தமிழாசிரியர்: கனிமொழியை Kanimozhi என்று எல்லோரும் சரியாகத்தானே அடிக்கிறார்கள்?

செய்தித்தாளில் நூறு முறை பார்த்த பிறகு. உங்கள் கடையை யார் நூறு முறை பார்த்தார்கள்? ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது எனக்கும் புதுக் கணக்கு. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அங்கிருப்பவர்களிடமும் சோதிக்க வேண்டும். சரி எது என்பதை நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள், முடியாது என்றே நினைக்கிறேன்.

மூன்று பேர், ஒரே கேள்வி: 'மண்வாசம்' எப்படி இருக்கிறது?

போன் போடுங்கள். பத்துப் பேர். மேலே இருக்கிறது.

திருப்பூர்: டொமைன் எப்போது வாங்குவது? நியூமராலஜிக்கு ஓர் எழுத்துக் கூட்டச் சொல்கிறார்கள்.

தட்டச்சில் தேறிய பிறகு. அதிகம் வந்த இரண்டு ஸ்பெல்லிங்கையும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். கூட்டிய எழுத்தை யாரும் அடிக்க மாட்டார்கள். கூட்டுவதானால் மூன்றாவதையும் வாங்குங்கள். அதுவரை லேபிள் அச்சடிக்காதீர்கள். மறுபடி சொல்கிறேன், அச்சடிக்காதீர்கள்.

ஈரோட்டுக்காரர்: செய்து பார்த்தோம். மூன்று மிஞ்சியது. ஒன்று பத்தில் ஒன்பது, ஆனால் மறுநாள் யாருக்கும் ஞாபகம் இல்லை. இன்னொன்று பத்தில் ஐந்து, எல்லோருக்கும் ஞாபகம்.

நான் இரண்டாவதை எடுத்து இரண்டு டொமைன் வாங்குவேன். அடிப்பதைத் திருத்த வழி இருக்கிறது, மறந்ததைத் திருத்த இல்லை. அதற்கு முன் வணிகச்சின்னம் பதியும் அரசின் ipindia தளத்தில், பொதுத் தேடலில், சமையல் எண்ணெய் வரும் 29ஆம் வகுப்பில் ஒலி ஒப்புமை வைத்துத் தேடுங்கள். மூன்றாவது என்ன ஆனது, சொல்லவே இல்லையே?

ஈரோட்டுக்காரர்: அது அப்பா வைத்த பெயர்.