முகம் பார்க்காமல் ஒரு பேச்சு

அன்புள்ள ஐயா,

பெகுவிலிருந்து எழுதுகிறேன். எனக்குச் சின்ன வயதுத் தோழன் ஒருவன். வாரம் ஒருமுறை டீக்கடையில் உட்கார்ந்து பேசுவோம். போன மாதம் அவன் சொன்னான்: "நீ என் கண்ணையே பார்த்துப் பேசினா, நீ சொல்றது எனக்குக் காதுல ஏறல. ஒண்ணைப் பேசிட்டிருக்கும்போதே இன்னொண்ணுக்குத் தாவிடறே. உன்கூட ஒரு மணி நேரம் இருந்துட்டு வந்தா மறுநாள் பூரா படுத்துக்கணும்போல இருக்கு." சண்டை எதுவும் இல்லை. ஆனால் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. முகம் பார்த்துப் பேசுவதுதானே மரியாதை? நான் கலகலவென்று பேசுகிறவன். இனி அவனிடம் எண்ணி எண்ணிப் பேச வேண்டுமா?

சே.

அன்புள்ள சே.,

உங்கள் தோழர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை, நானாகக் கண்டுபிடிக்க ஆறு வருடம் ஆனது.

இங்கே ரங்கூனில் என் நண்பர் ஒருவர் கடிகாரம் பழுதுபார்க்கிறார். நடைபாதை ஓரம் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு குடை, அதுதான் கடை. அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு வேலை செய்யும்போது அவரைப் போலப் பேச ஆள் கிடையாது. அதே மனிதரை மாலையில் டீக்கடைக்குக் கூட்டிப்போனால் 'ம்', 'ஆமா', 'சரி'. இங்கத்து டீக்கடை உங்களுக்குத் தெரியும். முழங்கால் உயர மேசை, அதைவிடக் குட்டியான முக்காலி. எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. கடையில் அவர் கண் கடிகாரத்தில் இருந்தது, டீக்கடையில் என் முகத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நானோ அவருக்கு டீக்கடை பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைப் பார்த்தால் காது கேட்கவில்லை என்பது சாக்கு அல்ல. எதிரிலிருப்பவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே பேசுவது எல்லோருக்குமே கூடுதல் வேலைதான். 2016-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கஜிமுரா, நோமுரா இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் ஒரு முகம், கூடவே ஒரு பெயர்ச்சொல். அதற்குப் பொருத்தமான வினைச்சொல்லைச் சொல்ல வேண்டும். சட்டென்று வாய்க்கு வராத, யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய சொற்கள் வந்தபோது, நேராகப் பார்க்கும் கண்களை எதிரே வைத்திருந்தவர்கள் தாமதித்தார்கள். சாதாரண ஆட்களுக்கே இப்படி. கடினமான கேள்வி கேட்டால் நாமும் மோட்டுவளையைப் பார்ப்பது இதனால்தான். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தப் பாரம் பல மடங்கு. சிலர் அதை உடம்பிலேயே கூச்சமாக, எரிச்சலாக உணர்கிறார்கள். உங்கள் தோழருக்கு என்ன பெயர் பொருந்தும் என்று நான் சொல்லப்போவதில்லை, அது நம் வேலையும் இல்லை.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். பெரியவர்கள் பேசும்போது தலையைக் குனிந்து கேட்பதுதான் நம் வீடுகளில் மரியாதையாக இருந்தது, பர்மியர் வீடுகளிலும் அப்படித்தான். சம வயதுக்காரனிடம் மட்டும் எப்போது 'என் மூஞ்சியைப் பாருடா' என்று கேட்க ஆரம்பித்தோமோ தெரியவில்லை.

ஆகவே முதல் காரியம் முக்காலியை நகர்த்துவது. எதிரே வேண்டாம். மேசையின் அடுத்த பக்கத்தில், அவருக்குக் குறுக்காக உட்காருங்கள், அல்லது இருவரும் தெருவைப் பார்த்தபடி அருகருகே. அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் இன்னும் நல்லது, பின்னால் யார் வருகிறார் என்ற கவலை போகும். மேசையில் இருக்கும் கசப்புத் தேநீர் பிளாஸ்கையும் சின்னக் கோப்பைகளையும் அவர் பக்கம் தள்ளி வையுங்கள், கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலை. 'நீ என்னைப் பார்க்க வேண்டாம்' என்று அறிவிக்காதீர்கள். அப்படிச் சொன்னால் அதுவே இன்னொரு கவனிப்பு. நீங்கள் அவர் முகத்தைத் துரத்தாமல் இருந்தால் போதும். நெற்றியையோ காதையோ பார்த்துச் சமாளிக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். பார்ப்பதுபோல் நடிப்பதும் உழைப்புதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 'நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு' என்பதை நாம் பாதி நேரம் கண்ணால்தான் சொல்கிறோம். கண்ணை எடுத்துவிட்டால் அந்தச் சைகை போய்விடும். அதனால் வாயால் சொல்ல வேண்டும்: 'நீ என்ன நினைக்கிறே?' என்று தெளிவாகக் கேட்டு நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு நிஜமாகவே காத்திருங்கள். பல மொழிகளில் அளந்து பார்த்தபோது ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு நடுவில் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. அந்த வேகத்துக்குப் பழகிய நமக்கு மூன்று நொடி மௌனம் கோபம்போலத் தோன்றும். உடனே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்போம். அங்கேதான் காரியம் கெடும். அவர் முதல் கேள்வியைப் பாதி தூரம் கொண்டுபோயிருப்பார், புது வார்த்தை வந்ததும் மறுபடி ஆரம்பத்திலிருந்து. 'என்ன?' என்று அவரே கேட்டாலும் அதே வாக்கியத்தை அதே சொற்களில் சொல்லுங்கள். பல தடவை நீங்கள் வாய் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும். காதில் விழுந்தது மனதில் இறங்கச் சற்று நேரமாகியிருக்கும்.

சரி, தாவுவதற்கு வருவோம். ஒரு நாள் அந்தக் கடிகார நண்பரிடம் நான் பேசியதை ஒளிக்காமல் தருகிறேன்: "மழைக்கு முன்னாடி கூரைத் தகரம் மாத்தணும், தகரம் விலை ஏறிப்போச்சு, அந்தத் தச்சரைப் பார்த்தேன், அவர் மகன் மலேசியா போயிட்டானாம், ஆமா, நீங்க சனிக்கிழமை கோயிலுக்கு வர்றீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது: "எத்தனை தகரம்?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்: "நீங்க கூரைன்னு சொன்னதும் நான் கூரைமேல ஏறிட்டேன். நீளம் அகலம் அளந்துகிட்டு இருக்கும்போதே நீங்க ஏணியை எடுத்துட்டுப் போயிட்டீங்க."

இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஆய்வாளர்கள் சொன்னதையும் சொல்கிறேன். டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் என்ற மூவர் 2005-ல் எழுதிய கட்டுரையில், ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் பல பக்கம் மெலிதாகப் பரவாமல் ஒரே இடத்தில் ஆழமாகப் பாய்கிறது என்றார்கள். ஆழமாகப் பாய்ந்ததை வெளியே இழுத்து வேறு இடத்தில் பாய்ச்சுவதற்குச் செலவு அதிகம். ஆக, உங்கள் தோழரைக் களைக்க வைப்பது பல விஷயம் பேசுவது அல்ல, சொல்லாமல் கொள்ளாமல் மாறுவது.

அதே பேச்சை இப்போது இப்படிப் பேசுகிறேன். "கூரைத் தகரம் மாத்தணும். பன்னிரண்டு ஆகும்னு தச்சர் சொல்றார். விலைதான் ஜாஸ்தி." அவர் பன்னிரண்டு சரியா என்று கணக்குப் போடுகிறார், நாலு வார்த்தை சொல்கிறார். "சரி, கூரை விஷயம் அவ்வளவுதான்." இங்கே ஒரு வாய் டீ. "அடுத்து சனிக்கிழமை பத்தி ஒண்ணு கேக்கணும்." இன்னொரு வாய். அப்புறம்தான் கோயில். முடிந்ததை முடிந்தது என்று சொல்வது, வருவதன் பெயரைச் சொல்வது, நடுவில் கொஞ்சம் காலி இடம். கூடுதலாக ஆனது அரை நிமிடம்கூட இருக்காது. தச்சர் மகன் மலேசியா போன கதையை விட்டுவிட்டேன், அது யாருக்கும் தேவைப்படவில்லை.

நாம் தாவாவிட்டாலும் கடை தாவ வைக்கும். பக்கத்து மேசைக்காரர் உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் கொடுத்துப் பையனைக் கூப்பிடுவார், போன் அடிக்கும், தெரிந்தவர் வந்து தோளைத் தட்டுவார். திரும்பும்போது 'எங்கே விட்டோம்?' என்று அவரிடம் கேட்காதீர்கள், தேடும் வேலை அவர் தலையில் விழும். 'தகரம் பன்னிரண்டுன்னு சொல்லிட்டிருந்தேன்' என்று நீங்களே நுனியை எடுத்துக் கையில் கொடுங்கள். தமிழில் தொடங்கிய வாக்கியத்தைப் பர்மியில் முடிக்கும் நம் பழக்கமும் என் நண்பருக்கு ஒரு தாவல்தான். இது எல்லோருக்கும் இருக்காது, உங்கள் தோழரைக் கேட்டுப் பாருங்கள்.

அவரும் தாவுவார், ஆச்சரியப்படாதீர்கள். கோயிலைப் பற்றிப் பேசும்போது என் நண்பர் திடீரென்று 'ஸ்பிரிங்' என்பார். அவருக்குள் ஒரு தொடர்ச்சி ஓடியிருக்கும்: கோயில், மணி, கடிகாரம். 'எப்படி அங்கே போனீங்க?' என்று கேட்டால் வழியைச் சொல்லுவார். ஸ்பிரிங் பற்றியே முக்கால் மணி நேரம் பேசும் நாளும் உண்டு. எனக்கு அலுத்துப்போனால் 'இன்னும் பத்து நிமிஷம் கேக்கறேன், அப்புறம் கிளம்பணும்' என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். கொட்டாவி விட்டுக் காட்டினால் அவருக்குப் புரியாது. நேராகச் சொன்னால் வருத்தப்பட மாட்டார்.

களைப்பு வருவதைப் பேசும்போதே பார்க்கலாம். பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும். நீங்கள் சொன்னதன் கடைசி வார்த்தையையே திருப்பிச் சொல்வார். குரலில் ஏற்ற இறக்கம் போய்விடும். சிலருக்கு நேர்மாறாக, பேச்சு வேகமெடுக்கும். அது வந்தால் 'என்ன ஆச்சு, ஏன் டல்லா இருக்கே?' என்று ஆரம்பிக்காமல் காசைக் கொடுத்துவிட்டு நடந்துவிடுங்கள், பேசாமலே நடக்கலாம். அவர் படுத்துக்கொள்வது மறுநாள். ஆகவே மறுநாள் வேலை எப்படி என்று பார்த்துச் சந்திப்பை வைப்பது நல்லது.

இதெல்லாம் இரண்டு பேர் இருக்கும்போது சரிப்படும். நான்கைந்து பேர் கூடினால் யாருடைய முக்காலியையும் நகர்த்த முடியாது, பேச்சு நாலா பக்கமும் ஓடும். அங்கே அவர் கால் மணி நேரம் தலைகாட்டிவிட்டு எழுந்துபோனால் 'ஏன் போறான்?' என்று கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

கலகலப்பை விட வேண்டாம். உங்கள் சிரிப்பைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. இரண்டே இரண்டைத்தான் சொன்னார்.

போன வாரம் கடிகாரக் கடைக்குப் போயிருந்தேன். பெட்டியின் பக்கவாட்டில் எனக்கென்று ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறார், அதில் உட்கார்ந்தால் அவருடைய இடது காதுதான் தெரியும். ஒன்றரை மணி நேரம் பேசினோம். நான் கிளம்பும்போது குனிந்த தலை நிமிராமலே கேட்டார்: "அந்தத் தச்சர் பையனுக்கு மலேசியாவுல வேலை கிடைச்சுதா?"