திடீர் ஆய்வில் பதிவேடு தரப்படாதபோது மேலாளருக்கு என்ன எழுதுவது: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்திருப்பதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்வியில் சொல்லப்படும் நிகழ்வே மற்றவற்றுக்கும் அடிப்படை என்பதால், அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான் சேலத்தில் உள்ள ஒரு நகைக் கடன் நிறுவனத்தின் தலைமை உள் தணிக்கையாளர். எங்கள் ஏற்காடு கிளைக்கு என் குழுவினர் இருவர் முன்னறிவிப்பின்றிச் சென்றனர். மேலாளர் ரொக்கத்தை எண்ணக் கொடுத்தார். நகைப் பைகளையும் காட்டினார். ஆனால் சாவிப் பதிவேட்டையும், பாதுகாப்பு அறையிலிருந்து நகைப் பை வெளியே போய் வருவதை எழுதும் பதிவேட்டையும் மாலை வரை தரவில்லை. பைகளின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அப்படியிருக்க, மேலாளருக்கு நான் எழுதும் குறிப்பு எந்த அளவுக்குக் கடுமையாக இருக்கலாம்?

பதில்: கடுமையைப் பற்றி யோசிக்கும் முன், அந்த இரண்டு பதிவேடுகள் இல்லாமல் உங்கள் ஆய்வு எதைச் சொல்ல முடியாமல் போயிற்று என்பதை நீங்களே தெளிவாக எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பாதுகாப்பு அறை இரண்டு சாவிகள் சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று மேலாளரிடமும் மற்றொன்று இன்னொரு பொறுப்பாளரிடமும் இருக்க வேண்டும். ஒருவர் விடுப்பில் போகும்போது சாவியை யாரிடம், எந்த நேரத்தில் ஒப்படைத்தார் என்பதை இருவரும் கையெழுத்திட்டு எழுதுவதற்குத்தான் சாவிப் பதிவேடு. அதுபோலவே, முத்திரையிட்ட ஒரு நகைப் பை மீட்புக்காகவோ மறு எடைக்காகவோ அறையை விட்டு வெளியே வந்தால், அதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையென்றால், ஆய்வன்று காலை பைகள் அனைத்தும் அறைக்குள் இருந்தன என்பதை மட்டுமே உங்களால் சொல்ல முடியும். முந்தைய வாரம் அவற்றில் ஒன்று வெளியே போய், வேறொரு கடையில் அடகு வைக்கப்பட்டு, பிறகு திரும்பி வந்திருந்தால், பைகளை எண்ணிப் பார்ப்பதால் அது தெரிய வராது. ஆகவே எண்ணிக்கை சரியாக இருந்தது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காப்பிப் பழப் பறிப்பு முடிந்து கூலி கைக்கு வந்ததும் நகையை மீட்க வரும் தோட்டத் தொழிலாளிக்கு, தான் வைத்த அதே நகை கிடைக்கும் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் உள்ள வரிதான் சாட்சி.

அடுத்தது, காலவரிசை. உங்கள் குழுவினரின் பணிக் குறிப்பேட்டிலிருந்து நேரங்களை எடுத்து அப்படியே எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய விவரங்களைக் கொண்டு குறிப்பின் நடுப்பகுதியை இவ்வாறு அமைக்கலாம்:

"தணிக்கைக் குழுவினர் காலை 10.10 மணிக்குக் கிளைக்கு வந்து, தங்கள் அடையாள அட்டையையும் அதிகாரக் கடிதத்தையும் தங்களிடம் காட்டினர். ரொக்க எண்ணிக்கை 10.55 மணிக்கு முடிந்தது. 11.00 மணிக்குச் சாவிப் பதிவேடும் நகைப் பை நடமாட்டப் பதிவேடும் வாய்மொழியாகக் கோரப்பட்டன. அவை துணை மேலாளரின் மேசையில் பூட்டப்பட்டுள்ளன என்றும், அவர் விடுப்பில் உள்ளார் என்றும் தாங்கள் தெரிவித்தீர்கள். 12.40 மணிக்கு அதே கோரிக்கை எழுத்து மூலம் அளிக்கப்பட்டது; தாங்கள் அதில் ஒப்புகைக் கையொப்பம் இட்டுள்ளீர்கள். குழுவினர் 5.30 மணிக்குக் கிளையை விட்டுப் புறப்படும் வரை அவ்விரு பதிவேடுகளும் ஒப்படைக்கப்படவில்லை. இதன் காரணமாக, பாதுகாப்பு அறையின் இரட்டைப் பொறுப்பு நடைமுறை குறித்தும், நகைப் பைகளின் நடமாட்டம் குறித்தும் இந்த ஆய்வில் கருத்துத் தெரிவிக்க இயலவில்லை."

இதில் 'மறைத்தீர்கள்' என்ற சொல் இல்லை. 'ஒத்துழைக்க மறுத்தீர்கள்' என்பதும் இல்லை. மறைப்பது என்பது மனத்தின் நோக்கம். அன்று மாலை உங்கள் கையில் அதற்கான சான்று கிடையாது. ஒப்படைக்கப்படவில்லை என்பது நிகழ்வு. அதை யாரும் மறுக்க முடியாது. நோக்கத்தைக் குற்றம்சாட்டும் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், பதிவேடுகள் எங்கே என்ற கேள்வி பின்னுக்குப் போய், தணிக்கையாளர் தன்னை அவமதித்தார் என்ற புகார் முன்னுக்கு வந்துவிடும். அதே நேரம், மேலாளர் சொன்ன காரணத்தைச் சுருக்காமல் அவர் சொன்னபடியே பதியுங்கள். இங்கே அந்தக் காரணமே ஒரு கேள்வியை எழுப்புகிறது. இரண்டாம் சாவிக்குப் பொறுப்பான துணை மேலாளர் விடுப்பில் இருந்தால், அன்று பாதுகாப்பு அறை யாருடைய சாவியால் திறந்தது? உங்கள் குழுவினர் நகைப் பைகளை எண்ணியிருக்கிறார்கள் என்றால் அறை திறந்திருக்கிறது. குறிப்பில் இந்தக் கேள்வியைத் தனிப் பத்தியாகக் கேளுங்கள். என் பார்வையில் முழுக் கடிதத்திலும் கனமான வாக்கியம் அதுதான்.

கேட்க வேண்டியவை மூன்று: பதிவேடுகளின் அசல், எழுத்து மூலமான விளக்கம், பாதுகாப்பு அறை வாசலின் சிசிடிவி பதிவு. மூன்றாவதைத் தாமதிக்கக் கூடாது. பதிவுக் கருவி குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் பழையதன் மேலேயே புதியதைப் பதிந்துகொள்ளும். விளக்கத்துக்கு நீங்கள் தரும் கெடு முடிவதற்குள் அந்தப் பதிவு அழிந்துபோனால் பிறகு எதையும் ஒப்பிட முடியாது. அதனால் பதிவைப் பாதுகாக்கும் கோரிக்கையைக் கணினிப் பிரிவுக்கு அன்றிரவே தனியாக அனுப்பிவிடுங்கள். குறிப்பு அடுத்த வேலை நாளில் போகலாம். சாவிப் பொறுப்பை மாற்றும்படி மேலாளருக்கு நீங்களே உத்தரவிடாதீர்கள். அது செயல்பாட்டுப் பிரிவின் வேலை. அந்தப் பிரிவின் தலைவருக்குப் பரிந்துரையாக எழுதுங்கள். தணிக்கையாளர் கொடுத்த உத்தரவைப் பின்னர் தணிக்கையாளரே ஆய்வு செய்வது முறையாகாது.

கேள்வி: ஆவணம் தர மறுப்பது எந்தச் சட்டப்பிரிவை மீறுவதாகும் என்று குறிப்பில் எழுதலாமா?

பதில்: இங்கே பலர் தடுமாறுகிறார்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 143ஆம் பிரிவு, கணக்குப் புத்தகங்களை எந்த நேரமும் பார்க்கும் உரிமையை நிறுவனத்தின் சட்டப்பூர்வத் தணிக்கையாளருக்குத் தருகிறது. உள் தணிக்கையாளரை நியமிப்பது பற்றிப் பேசும் 138ஆம் பிரிவில் அத்தகைய உரிமை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. உங்கள் அதிகாரம், இயக்குநர் குழுவோ அதன் தணிக்கைக் குழுவோ ஒப்புதல் அளித்த உள் தணிக்கைச் சாசனத்திலிருந்து வருகிறது. ஆகவே அந்தச் சாசனத்தின் பத்தி எண்ணையும், எல்லா ஆவணங்களையும் அணுகும் உரிமையைத் தரும் அதன் வாசகத்தையும் மேற்கோள் காட்டுங்கள். 143ஆம் பிரிவை எழுதினால், சட்டம் தெரிந்த ஒருவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுக் குறிப்பையும் செல்லாததாக்கப் பார்ப்பார்.

கேள்வி: இரண்டு நாள் கழித்துப் பதிவேடுகள் வந்து சேர்ந்தன. எல்லா வரிகளும் நிரம்பியிருக்கின்றன. அவற்றை ஏற்றுக்கொள்ளலாமா? (ஐந்து ரோடு பகுதியிலிருந்து ஒரு தணிக்கை உதவியாளர்)

பதில்: பெற்றுக்கொள்ளுங்கள், பெற்ற தேதியையும் நேரத்தையும் அட்டையின் உட்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆனால் கேட்ட நேரத்தில் கிடைக்கும் பதிவேட்டுக்கு உள்ள சான்று மதிப்பு, இரண்டு நாள் கழித்து வந்ததற்கு இல்லை. பல வாரங்களின் பதிவுகள் ஒரே பேனாவின் மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில் இருந்தால் ஐயம் கொள்ளலாம். தினமும் புரட்டிய பதிவேட்டின் ஓரங்கள் அழுக்கேறி மடங்கியிருக்கும். ஒரே அமர்வில் எழுதியதன் தாள்கள் விறைப்பாக இருக்கும். இவை ஐயங்கள் மட்டுமே. முடிவுக்கு வர, வெளியே உள்ள இன்னொரு பதிவோடு ஒப்பிட வேண்டும்.

துணை மேலாளர் சாவியைப் பெற்றதாகக் கையெழுத்திட்ட ஒவ்வொரு நாளையும் அவருடைய கைரேகை வருகைப் பதிவோடு பொருத்திப் பாருங்கள். விடுப்பில் இருந்த நாளில் அவர் கையெழுத்து இருந்தால், அந்த ஒரு வரியே போதும். நகை மீட்புக்காகப் பை வெளியே வந்த நேரத்தைக் கணினியில் கடன் முடிக்கப்பட்ட நேரத்தோடு ஒப்பிடுங்கள். பணம் கட்டுவதற்குப் பல மணி நேரம் முன்பே பை வெளியே வந்திருக்கக் காரணமில்லை. கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் தேதியோடு பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களுக்குக் கட்டாயம் என்பதால், கணினிப் பக்கத்தில் பின்தேதியிட்டு மாற்றுவது கடினம். காகிதப் பதிவேட்டுக்கு அந்தக் காவல் இல்லை. மலையில் இணைய இணைப்பு இல்லாததால் அன்று மாலைதான் பதிவேற்றினோம் என்ற விளக்கமும் வரலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். தலைமை அலுவலக சர்வரில் அந்தக் கிளையின் இணைப்பு எப்போது அறுந்தது என்பதைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒரு கிளை மேலாளர். இப்படி ஒரு குறிப்பு எனக்கு வந்திருக்கிறது. பதிவேடு உண்மையிலேயே என் சக ஊழியரின் மேசையில்தான் பூட்டியிருந்தது. நான் என்ன பதில் எழுதுவது?

பதில்: உங்கள் மன வருத்தம் எனக்குப் புரிகிறது. நேர்மையாக வேலை செய்பவருக்கு இத்தகைய கடிதம் வலிக்கும். ஆனால் அது குற்றச்சாட்டுக் குறிப்பாணை அல்ல. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தணிக்கைப் பிரிவுக்குக் கிடையாது. அது தொடர்ந்தால் மனிதவளப் பிரிவு தனியாக உங்களுக்கு எழுத வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். எனவே பதிலில் உங்கள் பணிக்கால வரலாற்றையோ விருதுகளையோ எழுதாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள். அந்த மேசையின் மாற்றுச் சாவி கிளையில் இருந்ததா, சக ஊழியரை எத்தனை மணிக்குத் தொலைபேசியில் அழைத்தீர்கள், அவர் என்ன சொன்னார், அன்று அவருடைய இரண்டாம் சாவி யாரிடம் இருந்தது என்பவற்றைச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில் உங்களுக்கே சாதகமில்லாமல் இருந்தாலும் அதை விடாதீர்கள். அழைப்புப் பட்டியலின் நகலை இணையுங்கள். குறிப்பில் உள்ள நேரங்களில் ஏதேனும் தவறு என்று கருதினால், எந்த வரி, சரியான நேரம் எது என்று சுட்டிக்காட்டுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: பதிவேடுகள் வந்துவிட்டன என்பதால் குறிப்பைத் திரும்பப் பெறும்படி மண்டல மேலாளர் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: திரும்பப் பெறக் கூடாது. ஆய்வன்று பதிவேடுகள் தரப்படவில்லை என்பது பின்னர் வந்ததால் மாறிவிடாது. அவை வந்த தேதியையும், சரிபார்த்ததில் கண்டதையும் சொல்லும் துணைக் குறிப்பு ஒன்றை எழுதி முதல் குறிப்போடு இணையுங்கள். சரிபார்த்ததில் எல்லாம் பொருந்தியிருந்தால் அதையும் அதே தெளிவோடு எழுதுவது மேலாளருக்கு நீங்கள் செய்ய வேண்டிய நியாயம். இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழு முன் இரண்டும் சேர்ந்தே போகட்டும். மண்டல மேலாளர் வலியுறுத்தினால், அந்தக் கோரிக்கையை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

கேள்வி: மேலாளர் குறிப்பைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட மறுத்தால்?

பதில்: அவருடைய அலுவலக மின்னஞ்சலுக்கும், விரைவுத் தபாலில் கிளை முகவரிக்கும் அனுப்பிவிட்டு, நகலின் அடியில் 'நேரில் அளிக்கப்பட்டது, ஒப்புகை தர மறுத்தார்' என்று நேரத்தோடு எழுதி, உடன் இருந்தவரின் கையெழுத்தைப் பெறுங்கள். பதிலுக்கான கெடு, மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்று குறிப்பிலேயே முன்கூட்டி எழுதியிருக்க வேண்டும்.